ஆறு மணி நேரத்துக்கு எத்தனை பெட்டி?

ரமலான் பிறை தெரிந்ததும் ஐக்கிய அரபு அமீரகத்துக் கம்பெனிகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு சுற்றறிக்கை ஏறும். வேலை நேரம் எட்டிலிருந்து ஆறு மணி நேரமாகக் குறைகிறது, சம்பளம் குறையாது என்று அதில் இருக்கும். அந்த ஆறு மணி நேரத்தில் எவ்வளவு வேலை முடிய வேண்டும் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. அதைச் சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொல்வார், அல்லது கணினியில் பழைய இலக்கு அப்படியே கிடக்கும். நேரத்தைக் குறைக்கச் சட்டம் இருக்கிறது. இலக்கைக் குறைக்க எந்தச் சட்டமும் இல்லை. சலுகை மெய்யா பொய்யா என்பது இந்த இடைவெளியில்தான் தீர்மானமாகிறது.

அமீரகத் தொழிலாளர் சட்டம் (2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் ஆணைச் சட்டம்) நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று உச்சவரம்பு வைக்கிறது. அதன் செயலாக்க விதிகள் ரமலானில் அன்றாட வேலை நேரத்தில் இரண்டு மணியைக் கழிக்கின்றன. நோன்பு வைப்பவர், வைக்காதவர் என்ற பேதம் அதில் இல்லை. சவூதி அரேபியாவும் பஹ்ரைனும் வேறு வழியில் போகின்றன. அங்கே நாளுக்கு ஆறு மணி, வாரத்துக்கு 36 மணி என்ற வரம்பு முஸ்லிம் தொழிலாளர்களுக்கு மட்டும். இரண்டில் எது சரி என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் எல்லா இடத்துக்கும் பொதுவான கேள்வியைப் பார்ப்போம்: நேரம் கால்வாசி குறைந்தால் இலக்கு எவ்வளவு குறைய வேண்டும்?

நடைமுறையில் மூன்று பதில்கள் இருக்கின்றன. இலக்கைத் தொடாமல் விடுவது முதல் வழி. நேரம் குறைந்த விகிதத்திலேயே இலக்கையும் கால்வாசி குறைப்பது இரண்டாவது. நேரத்தைக் காகிதத்தில் குறைத்துவிட்டு, கழித்த இரண்டு மணியை ஓ.டி.யாகத் திரும்ப வாங்கிக்கொள்வது மூன்றாவது. முதல் வழியை அதிகம் ஆராய வேண்டியதில்லை. எட்டு மணி வேலையை ஆறு மணியில், அதுவும் தண்ணீர்கூடக் குடிக்காதவரிடம் கேட்பது சலுகை அல்ல, வேகத்தை ஏற்றுவது. மற்ற இரண்டும் நியாயமானவை போலத் தோன்றுவதால் அவற்றைத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

கால்வாசி என்ற கணக்கு எங்கே பிழைக்கிறது

ஒரு மளிகைக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைப்பவை. ஆனால் கிடங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது. கையில் ஸ்கேனரோடு அலமாரி அலமாரியாக நடந்து, ஆர்டரில் உள்ள பொருள்களை எடுத்துப் பெட்டியில் போடுவது வேலை. பழகிய ஆள் நிமிடத்துக்கு இரண்டு பொருள் எடுப்பார். ஷிஃப்ட் எட்டு மணி, அதாவது 480 நிமிடம். சாப்பாட்டு இடைவேளை சட்டப்படி வேலை நேரத்தில் சேராது, அது தனி.

இந்த 480 நிமிடமும் பொருள் எடுப்பதில் போவதில்லை. ஸ்கேனர் வாங்கி, வரிசையில் நின்று அன்றைய விவரம் கேட்டு வேலை தொடங்க இருபது நிமிடம். காலியான அலமாரி நிரம்பும்வரை காத்திருப்பதும் பகுதி மாறுவதுமாக இருபது நிமிடம். பத்து நிமிடமாக இரண்டு சிறு ஓய்வு. தொழுகை, கழிப்பறை என்று பத்து நிமிடம். கடைசியில் மிச்சத்தைத் திருப்பி வைத்து, இடத்தைச் சுத்தம் செய்து, அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்க இருபது. மொத்தம் தொண்ணூறு நிமிடம். பொருள் எடுக்க மிஞ்சுவது 390 நிமிடம். நிமிடத்துக்கு இரண்டு என்றால் நாள் இலக்கு 780.

ரமலானில் ஷிஃப்ட் 360 நிமிடம். அந்தத் தொண்ணூறு நிமிடம் என்ன ஆகும்? ஸ்கேனர் வாங்கும் வரிசை நோன்பு மாதம் என்று சுருங்காது. ஒப்படைப்பும் சுருங்காது. மிஞ்சுவது 270 நிமிடம், 540 பொருள். கால்வாசி குறைத்த இலக்கோ 585. இடையிலுள்ள 45 பொருளை எடுக்க வேகம் நூற்றுக்கு எட்டுக்கு மேல் கூட வேண்டும். இலக்கைக் குறைத்ததாக நிர்வாகம் மனமார நம்பும். ஆனால் வேலைக்காரருக்கு இலக்கு ஏறித்தான் இருக்கிறது. காரணம் எளியது. வேலை நேரம் கால்வாசி குறைந்தபோது, கையால் வேலை நடக்கும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

ஷிஃப்ட் சுருங்கினால் ஓய்வும் சுருங்கலாமே என்று கேட்பார்கள். சரி, ஒரு ஓய்வை எடுத்துவிடுவோம். 280 நிமிடம், 560 பொருள். அப்போதும் 585 எட்டாது. அதோடு, மிகவும் தேவைப்படும் மாதத்தில் ஓய்வைப் பிடுங்கிய பழியும் வந்து சேரும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. நேரம் குறைந்தால் களைப்பு குறையும், களைப்பு குறைந்தால் வேகம் தானே கூடும் என்பது. இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளியலாளர் ஜான் பென்கவேல், வேலை மிக நீண்டபோது கூடுதல் மணிகளால் விளைந்த உற்பத்தி படிப்படியாகக் குறைந்ததைக் காட்டினார். ஆனால் அதே ஆய்வைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்தத் தேய்மானம் வாரத்துக்கு ஏறக்குறைய 49 மணிக்கு மேல்தான் தொடங்கியது. அதற்குக் கீழே உற்பத்தி மணிக்கணக்கோடு ஒட்டியே நடந்தது. நாம் பேசுவது 48லிருந்து 36க்கு இறங்குவதை. அந்தப் பரப்பில் களைப்பு குறைந்து வேகம் கூடும் என்று எதிர்பார்க்க இந்த ஆய்வு இடம் தரவில்லை. தவிர, அந்தத் தொழிலாளிகள் நோன்பு இருக்கவில்லை.

உடல் எப்போது தளர்கிறது

நோன்பின் தாக்கத்தைப் பசி என்று மட்டும் நினைத்தால் ஷிஃப்டைத் தப்பாக வைப்போம். முதல் மூன்று நான்கு நாள் பலரை வாட்டுவது பசியைவிட, தேநீரும் சிகரெட்டும் நின்ற தலைவலி. அது தணிந்த பிறகு நிற்பது தூக்கக் குறைவு. இரவு தராவீஹ் தொழுகை, விடியலுக்கு முன் சஹர் உணவு. இரண்டுக்கும் நடுவே துண்டு துண்டான தூக்கம். ஐந்து மணிக்கு முன் எழுந்து சாப்பிட்டவரை ஏழு மணி ஷிஃப்டுக்கு ஆறு மணி பஸ்ஸில் ஏற்றினால் அவர் மறுபடி கண்ணயர வழியில்லை. அதே ஷிஃப்ட் ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத் தூக்கம் கூடக் கிடைக்கும். இலக்கில் எந்த மாற்றமும் செய்யாமலே வேலையைச் சீராக்கும் ஒரே மாற்றம் இதுதான்.

நாளுக்குள்ளும் ஒரு சரிவு உண்டு. அதைப் பார்க்க மொத்தத் தொகை உதவாது, மணிவாரியாகப் பார்க்க வேண்டும். ஸ்கேனர் ஒவ்வொரு எடுப்புக்கும் நேரத்தைப் பதிந்து வைக்கிறது. அதை மணி மணியாகப் பிரித்தால், கடைசி ஒன்றரை மணியில் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று தெரியும். நமது கிடங்கில் அது பத்தில் ஒரு பங்கு இறங்குவதாக வைத்தால், 540 என்பது 522 ஆகும்.

வேகம் இறங்காமல் இருந்தால் மகிழ வேண்டும் என்பதில்லை. வேகம் நிலையாக நின்று, அதே ஒன்றரை மணியில் தவறான பொருள் எடுப்பு கூடினால், இலக்கு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். ஆள் வேகத்தைக் காப்பாற்றிக்கொண்டு கவனத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார். இன்னொரு தடயமும் உண்டு. ஐந்தாறு பொருளை வண்டியில் போட்டுவிட்டு மொத்தமாக ஸ்கேன் செய்திருந்தால், பதிவுகள் சில நொடி இடைவெளியில் கொத்தாக விழுந்திருக்கும். அதை ஒழுங்கீனம் என்று கண்டிப்பதற்கு முன், அந்த ஆளின் அன்றைய இலக்கு என்ன என்று பார்ப்பது நல்லது.

மாதத்துக்குள்ளும் சமன் இல்லை. கடைசிப் பத்து இரவுகளில் வணக்கம் நீள்வதால் தூக்கம் மேலும் சுருங்கும். பெருநாள் சாமான் வாங்கும் கூட்டமும் அந்த நாள்களில்தான். ஆர்டர் உச்சத்துக்குப் போகும்போது உடல் அடிமட்டத்தில் இருக்கிறது. மாதம் முழுவதற்கும் ஒரே இலக்கு வைப்பவர், கடினமான பத்து நாளின் பளுவைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார். வாரம் ஒருமுறை திருத்துவதுதான் முறை.

பளு எங்கே போய் இறங்குகிறது

இலக்கைச் சரியாகக் குறைத்தால் கிடங்கின் வேலை நின்றுபோகாதா? இது நேர்மையான கேள்வி. நமது கிடங்கில் நாற்பது பேர், ஆளுக்கு 780 வீதம் நாளுக்கு 31,200 பொருள் எடுக்கிறார்கள். ரமலானில் ஆர்டர் கூடவே இல்லை என்று வைத்தாலும், ஆளுக்கு 585 என்று கணக்குப் போட்ட மேலாளர் 54 பேர் போதும் என்று ஆள் எடுப்பார். மெய்யான அளவு 540 என்பதால், அந்த 54 பேர் முடிப்பது 29,160. நாளுக்கு 2,040 பொருள் தேங்கும். ஆறாம் நாள் தேக்கம் 12,240. அப்போது கூச்சல் எழும், நோன்பாளிகள் மந்தமாகிவிட்டார்கள் என்ற பேச்சும் எழும். உண்மையில் யாரும் மந்தமாகவில்லை. நான்கு ஆள் குறைவாக எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 58 பேர் இருந்தால் தேக்கமே இராது. மாலைத் தளர்வையும் சேர்த்து 522 என்றால் அறுபது பேர் வேண்டும்.

நாற்பதுக்கு அறுபது என்பது பெரிய செலவு. எல்லாக் கம்பெனியாலும் முடியாது. முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, அது வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கைச் சுருக்குவது. இரவு பத்துவரை எடுத்த அன்றைய ஆர்டரை மாலை நான்கோடு நிறுத்தலாம். அன்றே வரும் என்பதை நாளை வரும் என்று மாற்றலாம். இதையும் செய்யாமல், ஆளும் எடுக்காமல், இலக்கை மட்டும் காகிதத்தில் குறைத்தால் அந்தப் பளு சூப்பர்வைசரின் குரல் வழியாகத் தொழிலாளியின் முதுகில் வந்து இறங்கும்.

ஷிஃப்டை வைப்பதிலும் இதே நேர்மை வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் வரும் ரமலானில் துபாயில் நோன்பு திறக்கும் நேரம் மாலை ஆறேகாலிலிருந்து ஆறரை. பிற்பகல் இரண்டிலிருந்து இரவுவரை ஓடும் ஷிஃப்ட், நோன்பின் மிகத் தளர்ந்த நேரத்தை முழுதாக விழுங்குகிறது. காலை ஒன்பதில் தொடங்கி, சட்டம் கேட்கும் ஒரு மணி இடைவேளையோடு நான்கு மணிக்கு முடிவது அதைவிட நல்லது. இரவு எட்டரைக்குத் தொடங்குவது உடலுக்கு இன்னும் எளிது, வயிறு நிறைந்திருக்கும், தாகம் இருக்காது. ஆனால் தராவீஹ் போய்விடும். ஆகவே இரவு ஷிஃப்டை விரும்பிக் கேட்பவருக்கு மட்டுமே கொடுக்கலாம். இடைப்பட்ட மாலை நேரத்தை வளைகுடாவில் வழக்கமாகத் தாங்குவது நோன்பு இல்லாத சகாக்கள். பாங்கு சொல்லும் நேரத்தில் தளத்தில் நிற்பவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் பிலிப்பைன்ஸ்காரர்களும் இருப்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது நட்பின் பேரில் நடக்கும் உதவியாகவே நின்றுவிடக் கூடாது. மாலை ஷிஃப்டை முப்பது நாளும் ஏற்பவருக்குப் பெருநாளுக்குப் பிறகு விடுப்பில் முன்னுரிமை என்பதுபோல எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும்.

சுற்றறிக்கையில் வராத இன்னொன்று பஸ். ஷார்ஜாவில் கேம்ப், துபாயில் கிடங்கு என்றால் போக்கும் வரவும் ரமலானில் குறைவதில்லை. நோன்பு திறக்கும் முன்னான நெரிசலில் கூடத்தான் செய்யும். நான்கு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து பஸ் ஐந்தரைக்கு வந்தால், குறைத்த இரண்டு மணியில் ஒன்றரை மணி கேட்டருகே கரைந்துவிடுகிறது. ஷிஃப்ட் நேரத்தை மாற்றுகிறவர் அன்றே பஸ் நேரத்தையும் மாற்றாவிட்டால், குறைப்பு மேலாளரின் அட்டவணையில் மட்டும் இருக்கும்.

ஓ.டி. என்ற சமரசம்

மூன்றாவது வழிக்கு வருவோம். இதை எளிதாக ஒதுக்க முடியாது, ஏனென்றால் தொழிலாளர்களே இதைக் கேட்கிறார்கள். அமீரகத்தில் நாளுக்கு இரண்டு மணிவரை ஓ.டி. கொடுக்கலாம். சாதாரண நேரத்தில் அடிப்படைச் சம்பளக் கணக்கோடு கால்பங்கு கூட. மாதம் 800 திர்ஹம் அடிப்படைச் சம்பளம் உள்ளவரை எடுத்து, முப்பது நாள், எட்டு மணி என்று வகுத்தால் மணிக்கு 3.33 வரும். கால்பங்கு சேர்த்தால் 4.17. நாளுக்கு இரண்டு மணி வீதம் 26 நாளுக்கு ஏறத்தாழ 217 திர்ஹம். அடிப்படைச் சம்பளத்தில் கால்வாசிக்கும் மேல். ஊரில் கடனை வைத்துக்கொண்டு கேம்பில் படுத்திருப்பவருக்கு இரண்டு மணி ஓய்வைவிட அந்தப் பணம் பெரிது. அவரிடம் போய் ஓய்வின் அருமையைப் பேசுவது பொருந்தாது.

ஆனால் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கான இலக்கு தனியாக, நியாயமாக இருந்து, அதற்கு மேல் விரும்புகிறவர் ஓ.டி. பார்த்தால் அது அவருடைய தேர்வு. ஆறு மணியில் எட்டாத இலக்கை வைத்துவிட்டு, எட்டுவதற்கு ஓ.டி. தவிர வழியில்லை என்ற நிலை இருந்தால் அது தேர்வு அல்ல. கண்டுபிடிப்பது எளிது. ஓ.டி. வேண்டாம் என்றவர்களின் பெயரைப் பட்டியலிட்டு, அவர்களில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருவரும் எட்டவில்லை என்றால் அங்கே ஓ.டி. விருப்பமல்ல, நிபந்தனை. ஊக்கத்தொகை கொடுக்கும் கிடங்குகளில் இது இன்னும் கூர்மையாகும். இலக்குக்கு மேல் எடுத்தவருக்குத்தான் ஊக்கத்தொகை என்றால், 585 என்ற தவறான கோடு ஒரு மாதத்து ஊக்கத்தொகையை ஒட்டுமொத்தமாகத் துடைத்துவிடும். சம்பளம் குறையவில்லை என்ற சுற்றறிக்கை வரி அப்போதும் எழுத்தளவில் உண்மையாகவே இருக்கும்.

யாருக்குக் குறைப்பது

இனி ஒதுக்கி வைத்த கேள்வி. நோன்பின் பளுவைச் சுமப்பவருக்கு மட்டும்தானே சலுகை என்ற சவூதி, பஹ்ரைன் முறைக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. தேவை இருக்கும் இடத்தில் உதவி, கம்பெனிக்கும் செலவு குறைவு. ஆனால் தளத்தில் இறங்கியதும் அது சிக்கலாகிறது. முஸ்லிமாக இருப்பதும் அன்று நோன்பிருப்பதும் ஒன்றல்ல. மாதவிலக்கு நாள்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்கும் பயணிக்கும் விலக்கு உண்டு. ஆகவே மதத்தை அளவாக வைத்தால் நோன்பில்லாதவருக்கும் சலுகை போகும். நோன்பையே அளவாக வைத்தால், இன்று நோன்பா என்று ஒரு பெண்ணிடம் சூப்பர்வைசர் கேட்க வேண்டி வரும். அந்தக் கேள்வியை எந்த நிர்வாகமும் தன் ஆளைக் கேட்க வைக்கக் கூடாது. மேலும், கிடங்கு வேலை தொடர்வேலை. எடுப்பவர் ஆறு மணியில் போய், பொதி கட்டுபவர் எட்டு மணிவரை நின்றால், கடைசி இரண்டு மணி அவருக்குக் கட்ட எதுவும் இருக்காது, அல்லது எடுப்பவரின் வேலையும் அவர் தலையில் விழும். மிச்சப்படுத்திய செலவு இப்படி வீணாகும்.

எனவே என் தீர்ப்பு இது. நேரக் குறைப்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதில் அமீரகத்தின் வழியே சரி. இலக்கை ஷிஃப்டின் நீளத்திலிருந்து கணக்கிடாமல், நிலையான நிமிடங்களைக் கழித்து மிஞ்சும் கைவேலை நிமிடங்களிலிருந்து கணக்கிட வேண்டும். கால்வாசிக் குறைப்பு என்ற பரவலான வழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்த பிழை. அதைக் கைவிட வேண்டும். முதல் வாரத்து மணிவாரிப் பதிவைப் பார்த்து இலக்கையும் ஊக்கத்தொகைக் கோட்டையும் சேர்த்துத் திருத்தி, கடைசிப் பத்து நாளுக்கு மறுபடி திருத்த வேண்டும். ஓ.டி.யை அனுமதிக்கலாம், ஆனால் அது இல்லாமலே எட்டக்கூடிய இலக்கு இருக்கும் இடத்தில் மட்டும்.

இந்தத் தீர்ப்புக்கு ஒரு எல்லை உண்டு. எண்ணிக் கணக்கிடும் வேலைக்குத்தான் இது பொருந்தும். காவலாளிக்கும் மருத்துவமனைத் தாதிக்கும் இலக்கு என்பது இடத்தைக் காலியாக விடாமல் இருப்பது. மூன்று எட்டு மணி ஷிஃப்டில் ஓடிய இடத்துக்கு நான்கு ஆறு மணி ஷிஃப்ட் வேண்டும். அங்கே குறைக்க இலக்கில்லை, ஆள்தான் கூட்ட வேண்டும். கூட்டாமல் குறைத்ததாகச் சொல்லும் நிர்வாகம் அந்த இரண்டு மணியை யாரிடமிருந்தோ வாங்கிக்கொண்டிருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அந்த ஆளின் பெயர் தெரிந்துவிடும்.